பாட்டியின் கறுப்பு ஆடை உண்மையில் சிவப்பா? பழைய படங்களுக்கு ஓவிய வண்ணம் தீட்டியோரின் அனுபவங்கள்

கிறுக்கல்: பாட்டியும் அவருடைய தங்கையும் இளம் வயதில் எடுத்துக்கொண்ட படத்துக்கு ஓவியப் பாணியில் வண்ணம் தீட்டி வருகிறேன். பாட்டியின் ஆடை படத்தில் ஏறக்குறையக் கறுப்பாகவே இருக்கிறது. அம்மா அதைக் கருநீலம் என்கிறார். அந்தத் தங்கையோ, "செக்கச்செவேல் என்றிருக்கும், எனக்குத் தெரியாதா?" என்று சண்டைக்கு வருகிறார். சிவப்பு இவ்வளவு கறுப்பாகவா விழும்? இன்னொன்றும் உறுத்துகிறது. இருவர் உதடுகளும் சாயம் பூசியதுபோல் கறுத்திருக்கின்றன, பூசியதே இல்லையாம்.

நிழல்வெளி: அடர்ந்த சாம்பல் என்றால் அடர்ந்த நிறம்தான். வயதானவர்கள் நினைவை நம்ப முடியாது. கருநீலமே தீட்டுங்கள். லேயரை `Color` முறையில் வைத்தால் அடியில் உள்ள வெளிச்சமும் நிழலும் அப்படியே இருக்கும். மூலப்படத்துக்கு எந்தச் சேதமும் வராது.

இருட்டறை: `Color` முறை பற்றி நிழல்வெளி சொன்னது சரி. சாம்பலை வைத்து நிறத்தைச் சொல்லலாம் என்பதுதான் தவறு. உதட்டைப் பற்றிச் சொன்னீர்களே, விடை அங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஆர்த்தோ பிலிம் பரவலாக இருந்தது. அதற்குச் சிவப்பு ஒளி தெரியாது; இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டே அதைக் கழுவ முடிந்ததும் அதனால்தான். ஆகவே சிவந்த உதடு கறுக்கும், முகத்துப் புள்ளிகள் துருத்தித் தெரியும், நீல வானம் வெறும் வெள்ளையாகிவிடும். சிவப்பையும் பதியும் பான் பிலிம் 1920களிலேயே விற்பனைக்கு வந்துவிட்டாலும் ஆர்த்தோ உடனே மறைந்துவிடவில்லை. பலரும் வீட்டுக் கேமராவில் போட்ட கோடக் வெரிக்ரோம் 1956 வரை ஆர்த்தோதான்.

என்னிடம் வந்த ஒரு குடும்பப் படத்தில் சிறுவனின் சட்டை வெள்ளைவெளேரென்று இருந்தது. அந்தச் சட்டையே பெட்டியில் பத்திரமாக இருந்தது: நல்ல வான்நீலம்! ஆகவே முதலில் நிறம் தெரிந்த ஏதாவது ஒரு பொருளைப் படத்தில் தேடுங்கள். செங்கல் சுவரோ சிவப்புப் பூவோ கறுத்திருந்தால் தங்கைப் பாட்டி சொல்வதை நம்பலாம். உங்கள் படத்தில் உதடே சாட்சி.

கிறுக்கல்: சிவப்பை `Color` முறையில் போட்டுப் பார்த்தேன். காய்ந்த ரத்தம்போல் வருகிறது.

இருட்டறை: அப்படித்தான் வரும். அடியில் கறுப்பு இருந்தால் மேலே எந்த நிறம் போட்டாலும் துலங்காது. ஆடையை மட்டும் மாஸ்க் போட்டுப் பிரித்து, `Curves` கொண்டு இடைப்பட்ட சாம்பலை மெல்ல உயர்த்துங்கள். மடிப்புகளின் அடி இருட்டைத் தொடாதீர்கள். நிறம் அதன் பிறகுதான். மடிப்புக்கும் துணிக்கும் உள்ள வேறுபாடு கரையத் தொடங்கினாலோ பிலிமின் மணல்போன்ற பொடிப்புள்ளிகள் துருத்தினாலோ நிறுத்திவிடுங்கள். 8 பிட் ஸ்கேனில் இது சீக்கிரமே பட்டைபட்டையாகிவிடும். 16 பிட்டில் மறுபடி ஸ்கேன் செய்வது நல்லது. உதட்டையும் கொஞ்சம் உயர்த்திவிட்டு நிறத்தைக் குறைவாகவே போடுங்கள், இல்லையென்றால் நாடக வேஷம்தான்.

மாடிவீடு: எங்கள் அப்பாவின் பழைய கலர் படம் முழுக்கச் சிவந்துவிட்டது. அதுவும் இந்த ஆர்த்தோவால்தானா?

இருட்டறை: இல்லை ஐயா, அது வேறு நோய். கலர் அச்சில் இருந்த பச்சைநீலச் சாயம் மங்கியிருக்கும். உங்களுக்கு வேண்டியது நிறத் திருத்தம். புதிதாகத் தீட்ட வேண்டியதில்லை.

மஞ்சள்தூரிகை: நான் கையாலும் தீட்டியவள். இருட்டறை சொல்வதில் எனக்கு ஒரு சங்கடம். அச்சுப்படத்தில் பூசும் எண்ணெய் வண்ணம் ஒளி ஊடுருவக்கூடியது. காகிதத்தின் வெண்மைதான் அதை ஒளிரவைக்கும். கறுத்த இடத்தில் மெல்லிய சாயல் மட்டுமே தெரியும், நாங்களும் அதோடு விட்டுவிடுவோம். நீங்கள் சாம்பலை உயர்த்தினால் அது கேமரா பதிந்த படம் இல்லை, உங்கள் ஊகம். நான் ஆழ்ந்த அரக்கோடு நிறுத்துவேன்.

இதைவிட ஓவியப் பாணிதான் எனக்குப் பயம். ஆடையிலும் பின்னணியிலும் தூரிகை தாராளமாக ஓடலாம். முகத்தில் சிறிய தூரிகை, அதுவும் கன்னத்தின் வளைவை ஒட்டியே போக வேண்டும். கண்மணியில் விழுந்த ஒளிப்புள்ளி, மச்சம், ஒரு பக்கம் சற்றே இறங்கிய இமை, இவற்றைத் தூரிகை ஒரே இழுப்பில் விழுங்கிவிடும். ஓவிய லேயரை அணைத்து அணைத்துப் போட்டுப் பாருங்கள். அணைக்கும்போதெல்லாம் வேறு ஆள் எட்டிப் பார்ப்பதுபோல் தோன்றினால் முகத்தில் தீட்டியதை மங்கலாக்கி மூலப்படத்தை மேலே வரவிடுங்கள்.

நிழல்வெளி: உதட்டு விஷயம் சரிதான். ஆனால் உதடு கறுத்ததால் ஆடை சிவப்பு என்று ஆகிவிடாது. ஆர்த்தோவிலும் கறுப்புத் துணி கறுப்பாகத்தானே விழும்?

இருட்டறை: உண்மை. சிவப்பாக இருந்திருக்கலாம் என்பது வரைதான் படம் சொல்லும். கருநீலம் என்றால் ஆர்த்தோவில் இன்னும் வெளுத்திருக்க வாய்ப்பு அதிகம். மிச்சத்துக்குப் பாட்டியின் தங்கையைத்தான் கேட்க வேண்டும்.

கிறுக்கல்: கேட்டுவிட்டேன். சிவப்புதான் என்று சத்தியம் செய்கிறார். அரக்கு ஒன்று, வெளிச்சமாக்கிய சிவப்பு ஒன்று என்று இரண்டும் தீட்டப் போகிறேன். இப்போது புதிய சிக்கல்: ஆடையின் ஓரத்தில் வெளுத்த கோடு ஒன்று ஓடுகிறது. அவர் அதை மஞ்சள் என்கிறார். மஞ்சள் ஆர்த்தோவில் வெளுக்குமா?