ஈஸ்ட் திரளாத அந்த மதியம்: ஈ.கோலை ஒட்டிக்கொள்வதை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மைக்ரோ மாணவி
எம்.எஸ்சி. முதல் வருஷம். சிறுநீர்த் தொற்று வந்த ஒருவரிடமிருந்து பிரித்த ஈ.கோலையை மேடம் கொடுத்தார். ஸ்லைடில் பேக்கரி ஈஸ்ட் கரைசல் ஒரு சொட்டு, பாக்டீரியா ஒரு சொட்டு. மெல்ல ஆட்டினால் பால் திரிந்த மாதிரி பொடிப்பொடியாகத் திரள வேண்டும். எல்லாருக்கும் திரண்டது, எனக்கு மட்டும் கலங்கல் கலங்கலாகவே நின்றது.

"எதிலேர்ந்து எடுத்தே?" என்றார். அகார் தட்டிலிருந்து என்றேன். "தட்டுல வளர்ற கூட்டத்துல பெரும்பாலானதுக்கு, ஒட்டிக்கொள்ள உதவுற மெல்லிய முடி, அதான் ஃபிம்பிரியா, இருக்கவே இருக்காது. திரவ ஊடகத்துல போட்டு, ஆட்டாம, 37 டிகிரியில 48 மணி நேரம் வை."

மூன்றாம் நாள், ஆட்டத் தொடங்கிய சில நொடியில் திரண்டது! பிறகு இன்னொரு ஸ்லைடில் கொஞ்சம் மேனோஸ் சர்க்கரையைச் சேர்த்தேன். அதே பாக்டீரியா, அதே ஈஸ்ட், திரளவே இல்லை. ஈஸ்ட்டின் சுவரில் இருக்கும் மேனோஸைத்தான் ஃபிம்பிரியாவின் நுனிப் புரதம் ஃபிம்-ஹெச் பிடிக்கிறது. நம் சிறுநீர்ப்பையின் உள்தோல் செல்கள் மேலும் அதே மேனோஸ் இருக்கிறது. இந்த முடிக்கான மரபணுவுக்கு முன்னால் உள்ள 314 எழுத்து டி.என்.ஏ. துண்டு ஒரு பக்கம் திரும்பினால் முடி முளைக்கும், மறுபக்கம் திரும்பினால் முளைக்காது. இதை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

நான்கு தடவை வந்தவள்
எனக்குப் போன வருஷம் மட்டும் நாலு தடவை எரிச்சல் வந்தது. சர்க்கரை போட்டால் ஒட்டாது என்கிறாயே கண்ணு, எனக்கு சுகர் இருக்கிறது, சிறுநீரிலும் சர்க்கரை போகிறதாம். அப்படியென்றால் எனக்குக் குறைவாகத்தானே வரவேண்டும்?

மைக்ரோ மாணவி
இல்லை அக்கா, உங்கள் சிறுநீரில் போவது குளுக்கோஸ். ஃபிம்-ஹெச் அதைக் கண்டுகொள்வதே இல்லை. மேனோஸ் வேறு சர்க்கரை. சுகரைக் கட்டுப்பாட்டில் வையுங்கள்.

மருந்துக்கடைத் தம்பி
மேனோஸ் பவுடர் எங்கள் கடையிலேயே இருக்கிறது. ஒட்டாவிட்டால் நோயே இல்லை, கணக்கு நேர். தண்ணீர் நிறையக் குடித்தாலும் அந்த வேகத்தில் பிய்த்துக்கொண்டு போய்விடும்.

ஓய்வுபெற்ற மருத்துவ நுண்ணுயிரியலாளர்
தம்பி, ஒட்டாவிட்டால் தொற்று தொடங்காது என்பது சரி. பிய்த்துக்கொண்டு போகும் என்பது தப்பு. ஃபிம்-ஹெச்சின் பிடி சுருக்கு முடிச்சு மாதிரி, இழுக்க இழுக்க இறுகும். அந்த முடியின் தண்டோ ஸ்பிரிங் மாதிரி சுருள் பிரிந்து நீண்டு இழுவையைத் தாங்கிக்கொள்ளும். ஓட்டம் ஓய்ந்தால் பிடி தளரும், பாக்டீரியா இடம் மாறிக்கொள்ளும். ஆனாலும் தண்ணீர் உதவுகிறது. குறைவாகத் தண்ணீர் குடித்து அடிக்கடி தொற்று வந்த பெண்களில், தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடித்தவர்களுக்கு ஒரு வருஷத்தில் சராசரி 1.7 தடவைதான் வந்தது, வழக்கம்போலக் குடித்தவர்களுக்கு 3.2 தடவை. இன்னும் ஒட்டாதவை அடித்துச் செல்லப்படுகின்றன என்பது என் ஊகம்.

பவுடர் விஷயம் வேறு. பிரிட்டனில் 598 பெண்களிடம் தினம் 2 கிராம் வீதம் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்து 2024-இல் வெளியிட்டார்கள். மறுபடி மருத்துவரிடம் வந்தவர்கள் மேனோஸ் பக்கம் 51%, மேனோஸ் இல்லாத பவுடர் பக்கம் 55.7%. அது தற்செயலாகவே வரக்கூடிய அளவு வித்தியாசம்தான். ஸ்லைடில் கண்ணெதிரே வேலை செய்வது உடம்பில் ஏன் எடுபடவில்லை? தின்றதில் எவ்வளவு சிறுநீரில் வருகிறது என்பது ஒன்று. ஒட்டியவை செல்லுக்குள்ளேயே புகுந்து பெருகுகின்றன என்பது இன்னொன்று. உள்ளே போனதை வெளியே மிதக்கும் சர்க்கரை என்ன செய்யும்?

நான் பார்த்த ஒன்றையும் சொல்கிறேன். குளிர்காய்ச்சலும் விலாவலியுமாக வந்த ஒரு பெண்ணின் ஈ.கோலை ஈஸ்ட்டைத் திரட்டவே இல்லை. மனித ரத்தச் சிவப்பணுவோடு கலந்தேன், மேனோஸ் இருந்தும் திரண்டது. அது பி-ஃபிம்பிரியா. அது தேடுவது சிறுநீரகச் செல்லின் வேறொரு சர்க்கரையை. அம்மா, காய்ச்சலும் விலாவலியும் சேர்ந்து வந்தால் பவுடரை நம்பி உட்காராதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

கால்நடை மருத்துவர்
கன்றுகளிலும் இதே கதைதான். கே-99 ஃபிம்பிரியா உள்ள ஈ.கோலை பிறந்த முதல் சில நாளில்தான் கழிச்சலைக் கொடுக்கும். வளர வளர குடலில் அது பிடிக்கும் இடம் குறைந்துவிடுகிறது. அதனால் சினைப்பசுவுக்குத் தடுப்பூசி போட்டு, பிறந்த சில மணிக்குள் சீம்பால் கொடுத்துவிடுவோம். சீம்பாலின் எதிர்ப்பொருள் முடியைப் பிடித்துக்கொள்ளும். தாமதமாகக் கொடுத்த கன்றுகளை இழந்திருக்கிறேன்.

மைக்ரோ மாணவி
சார், ஒரு சந்தேகம். நேற்று வார்டிலிருந்து வந்த சிறுநீரை வளர்க்காமல், சுழற்றி அடியில் தங்கியதை நேரே ஈஸ்ட்டோடு கலந்தேன். திரளவில்லை. அதையே 48 மணி நேரம் திரவ ஊடகத்தில் வைத்தபோது திரண்டது. முடி உள்ளவை பையின் சுவரில் ஒட்டி நின்றுவிட, இல்லாதவை மட்டும் வெளியே வருகின்றனவா? அல்லது சிறுநீருக்குள் இருக்கும்போது எல்லாமே முடியை விட்டுவிடுகின்றனவா? இரண்டையும் பிரித்தறிய ஏதாவது வழி உண்டா?