தட்டுவாரிக் கணக்கில் 31%, மாதக் கணக்கில் 41%: எது சரி?

சிறுகடை: சிறிய உணவகம் நடத்துகிறேன். ஒவ்வொரு உணவுக்கும் பொருள் செலவை எழுதி, விற்ற எண்ணிக்கையால் பெருக்கினால் விற்பனையில் 31% வருகிறது. மாத பில்களின் கூட்டுத்தொகை 4,40,000. சரக்கு வாங்கிய பில்கள் 1,80,000. வகுத்தால் 41%. பத்து சதவீதம் எங்கே போகிறது என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை.

வெள்ளைத்தாள்: பில் தொகையில் வரியும் சேர்ந்திருக்கும். அது உங்கள் பணம் அல்ல, கழித்துவிடுங்கள். சரியாகிவிடும்.

சிறுகடை: விலையின் மேல் சேர்த்த 10% வரியைக் கழித்தால் விற்பனை 4,00,000. ஆனால் இப்போது 45% வருகிறதே!

பழைய பேரேடு: வரியைக் கழித்தது சரிதான், ஆனால் அது பாதி வழி. வாங்கியதெல்லாம் செலவானது ஆகாது. மாதத் தொடக்கத்திலும் முடிவிலும் இருப்பு எவ்வளவு? சரக்கு பில்களில் பொட்டல உறை, சோப்பு போன்றவை கலந்திருக்கின்றனவா?

சிறுகடை: தொடக்க இருப்பு 20,000. மாதக் கடைசியில் மொத்தமாக வாங்கியதால் முடிவில் 44,000. உணவல்லாதவை 12,000.

பழைய பேரேடு: அப்படியானால் 20,000 உடன் 1,68,000 கூட்டி 44,000 கழியுங்கள். செலவானது 1,44,000, அதாவது 36%. மீதி வித்தியாசம் 5%, தொகையில் 20,000. அதைத் தட்டுவாரிக் கணக்கில் தேட வேண்டும். இறைச்சியின் விலையை எந்த எடைக்குப் போட்டீர்கள்?

சிறுகடை: கிலோ 210. ஒரு தட்டுக்குச் சுத்தம் செய்த இறைச்சி 200 கிராம், எனவே 42. மற்றவை 12. மொத்தம் 54. விற்பனை விலை வரி நீங்கலாக 180, சரியாக 30%.

பழைய பேரேடு: அங்கேதான் பிழை. ஒரு கிலோவைச் சுத்தம் செய்து எடை போட்டுப் பாருங்கள்.

சிறுகடை: இன்று நிறுத்தேன். 700 கிராம்தான் தேறியது.

பழைய பேரேடு: அப்படியென்றால் சுத்தம் செய்த கிலோவின் விலை 300. தட்டுக்கு 60, மொத்தம் 72, அதாவது 40%. ஒவ்வொரு தட்டிலும் 18 குறைத்துக் கணக்கிட்டிருக்கிறீர்கள். மாதம் 400 தட்டு விற்றால் 7,200 இங்கேயே கிடைத்துவிட்டது.

வெள்ளைத்தாள்: 40% என்றால் அந்த உணவையே நிறுத்திவிடலாமே?

பழைய பேரேடு: அவசரப்படாதீர்கள். அதில் தட்டுக்கு 108 மிஞ்சுகிறது. 60க்கு விற்று 15 செலவாகும் உணவு 25% என்று அழகாகத் தெரியும், ஆனால் மிஞ்சுவது 45. வாடகையும் கூலியும் கட்டுவது மிஞ்சும் தொகைதான். இரண்டுக்கும் அடுப்பு நேரம் ஒன்றா என்பதையும் பாருங்கள்.

மாலைக்கடை: எங்கள் கடையில் குழப்பம் வேறு. மாதக் கடைசி நாளில் இறங்கிய சரக்குக்குப் பில் அடுத்த மாதத் தேதியில் வந்தது. இருப்பில் எண்ணிவிட்டோம், வாங்கியதில் சேர்க்கவில்லை. சதவீதம் பொய்யாகக் குறைந்து, நாங்கள் மகிழ்ந்தும்விட்டோம்.

சிறுகடை: என் பில் தேதிகள் சரியாக உள்ளன. மீதி 12,800 பாக்கி. பணியாளர் சாப்பாட்டை நான் எங்கும் எழுதவில்லை. நாளை முதல் தனி நோட்டு வைக்கிறேன். பரிமாறும் கரண்டியையும் நிறுத்துப் பார்க்க வேண்டும்.