டியூஷன் பணத்தைத் திரும்பக் கேட்டு இரண்டு கடிதம் எழுதினேன், இரண்டாவதுக்குத்தான் பணம் வந்தது

டர்பன் அம்மா

மகன் இங்கே தென்னாப்பிரிக்காவில் கிரேட் 10. வருட ஆரம்பத்தில் ப்யூர் மேட்ஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். சரி என்று ஒரு டியூஷன் சென்டரில் சனிக்கிழமை காலை வகுப்பில் சேர்த்தோம். பிப்ரவரி முதல் அக்டோபர் வரை 36 வகுப்பு, வகுப்புக்கு 400 ராண்ட், ஆக 14,400. பதிவுக் கட்டணம் 600, புத்தகத்துக்கு 900 தனி. மாதாமாதம் கட்டலாம் என்றும் சொன்னார்கள். வீட்டுக்காரருக்கு போனஸ் வந்திருந்தது, ஒரே மூச்சில் கட்டிவிட்டோம். இப்போது நினைத்தால் அங்கேதான் சறுக்கினோம்.

மே கடைசியில் பள்ளியில் கூப்பிட்டு, அன்றாடக் கணக்கு மட்டும் இருக்கிற மேட்ஸ் லிட்டுக்கு மாற்றினால் பையனுக்கு நல்லது என்றார்கள். மாற்றினோம். மாற்றிய பிறகு ப்யூர் மேட்ஸ் டியூஷன் எதற்கு? 2025 ஜூன் 10, செவ்வாய்க்கிழமை சென்டருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு பக்கம். பையன் இரவில் தூங்காதது, நாங்கள் ஊரிலிருந்து வந்த கதை, பணத்தின் அருமை எல்லாம் எழுதினேன். எழுதும்போது எனக்கு அழுகை வந்தது, வாசித்தவருக்குக் கொட்டாவி வந்திருக்கும். மீதி 20 வகுப்புக்கான 8,000 ராண்டைத் தரும்படி கேட்டிருந்தேன்.

மூன்று வரியில் பதில் வந்தது. 'படிவத்தின் 7ஆம் பத்தியைப் பாருங்கள். கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது. மேலும், படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் நீங்கள் அல்ல.' கடைசி வரிதான் சுருக்கென்றது. ஆமாம், கையெழுத்து வீட்டுக்காரருடையது.

இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா? எனக்கு எப்படி முடிந்தது என்பதைக் கீழே எழுதுகிறேன். முதலில் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

லெனேசியாக்காரன்

அக்கா, இங்கே சட்டப்படி ஐந்து வேலை நாளுக்குள் எந்த ஒப்பந்தத்தையும் ரத்து செய்யலாம். நான் ஒரு வாட்டர் ஃபில்டரை அப்படித்தான் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் நீங்கள் பிப்ரவரியில் சேர்த்து ஜூனில் எழுதியிருக்கிறீர்கள், காலம் தாண்டிவிட்டது. பணம் கிடைப்பது கஷ்டம்தான்.

மாரிட்ஸ்பர்க் பெரியவர்

தம்பி சொல்கிற ஐந்து நாள் உண்மைதான், ஆனால் அது இந்த விஷயத்துக்கு இல்லை. விற்பவர் தாமாகவே நம் வீட்டுக்கு வந்தோ போன் போட்டோ விற்றால்தான் அந்த ஐந்து நாள். உங்கள் வாட்டர் ஃபில்டரை யாராவது வீடு தேடி வந்து விற்றிருப்பார்கள். இந்த அம்மா தாமே போய்ச் சேர்த்திருக்கிறார்.

இவருக்கு உதவுவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் சட்டம் அது. இத்தனை மாதம் என்று காலம் குறித்துப் போட்ட ஒப்பந்தத்தை நுகர்வோர் எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே, 20 வேலை நாள் முன்னறிவிப்பு கொடுத்து முடித்துக்கொள்ளலாம். அறிவிப்பு எழுத்தில் இருக்க வேண்டும், அல்லது பதிவாகும் வேறு வழியில் இருக்க வேண்டும். ரிசப்ஷனில் வாயால் சொன்னால் எண்ணிக்கை ஓடாது. நான் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பல வருடம் கடிதம் அடித்தவன். இந்த ஒரு இடத்தில் வழுக்கி விழுந்தவர்கள்தான் அதிகம்.

ரத்தான தேதி வரைக்குமான கட்டணம் நம் பொறுப்பு. அதற்கு மேல் சென்டர் நியாயமான ரத்துக் கட்டணம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம். நுகர்வோர் பணமாக மிச்சம் இருப்பதை அவர் கணக்கில் சேர்த்தாக வேண்டும். 'திருப்பித் தரப்படாது' என்கிற வரி, ரத்து செய்யும் உரிமையையே செல்லாக்காசு ஆக்குகிற அளவுக்குப் போகக் கூடாது. அதை அந்தச் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குமுறை 5 தெளிவாகச் சொல்கிறது.

சாட்ஸ்வொர்த் தாத்தா

என் தமிழ் பழைய தமிழ், மன்னியுங்கள். நாலு தலைமுறையாக இங்கேதான். பேத்தியை தனியார் பள்ளியில் இருந்து எடுத்தபோது ஒரு டெர்ம் நோட்டீஸ் கொடுக்கவில்லை என்று முழு டெர்ம் பணம் கேட்டார்கள். நான் கொடுத்துவிட்டேன். அப்போது இதெல்லாம் யாரும் சொல்லவில்லை. பேரப்பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் கட்டண விலக்கு கிடைக்க என்ன செய்வது என்றும் யாராவது சொல்லுங்கள்.

டர்பன் அம்மா

தாத்தா, அது வேறு சமாச்சாரம். பள்ளி அலுவலகத்தில் விலக்குக்கான விண்ணப்பப் படிவம் கேளுங்கள், கொடுப்பார்கள்.

பெரியவர் சொன்னதைத்தான் எனக்கும் அலுவலகத் தோழி ஒருத்தி சொன்னாள். முதல் கடிதத்தில் நான் எத்தனை வீண் கதை எழுதியிருந்தாலும், 'இன்றோடு மகனை விலக்குகிறோம்' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரி போதும், முன்னறிவிப்பு ஜூன் 10 அன்றே கொடுத்தாயிற்று என்றாள். கையெழுத்துச் சிக்கலுக்கு, அந்தக் கடிதம் தன் சம்மதத்தோடு தன் சார்பில் அனுப்பியது என்று வீட்டுக்காரர் ஒரு வரி எழுதினால் சரியாகும் என்றாள்.

பிறகு காலண்டரை எடுத்து வைத்து எண்ணினோம். கொடுத்த நாளை விட்டு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். சனி, ஞாயிறு சேராது. ஜூன் 16 யூத் டே, அதுவும் சேராது. அந்த விடுமுறையை மறந்து நான் ஜூலை 8 என்று எழுதப் போனேன். சரியாக எண்ணினால் 20ஆவது நாள் ஜூலை 9, புதன்.

அப்போதுதான் என் 8,000 ராண்ட் கணக்கில் ஓட்டை இருப்பது புரிந்தது. ஜூன் 7 வரை 16 வகுப்பு முடிந்திருந்தது. ஜூன் 10க்கும் ஜூலை 9க்கும் நடுவில் நான்கு சனிக்கிழமை. பையன் போகாவிட்டாலும் அந்த நான்கும் எங்கள் கணக்கு. மீதி 16 வகுப்பு, 6,400 ராண்ட். புத்தகப் பணத்தை விட்டுவிட்டோம், பையன் அதில் பென்சிலால் படம் எல்லாம் போட்டிருந்தான்.

இரண்டாவது கடிதம் வீட்டுக்காரர் பெயரில், ஜூன் 24 அன்று. ஆங்கிலத்தில் எழுதினோம், தமிழில் இப்படி வரும்:

*மகன் பெயர், கிரேட் 10, சனிக்கிழமை காலை 8 மணி வகுப்பு. பிப்ரவரியில் 14,400 ராண்ட் கட்டினேன், ரசீது இணைப்பில் உள்ளது.*

*ஜூன் 10 அன்று என் மனைவி அனுப்பிய மின்னஞ்சல் என் சம்மதத்துடன் என் சார்பில் அனுப்பியது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 14ஆம் பிரிவின்படி அதுவே முன்னறிவிப்பு. ஒப்பந்தம் ஜூலை 9 அன்று முடிகிறது.*

*அதுவரை 20 வகுப்பு. மீதி 16 வகுப்பு, வகுப்புக்கு 400 வீதம் 6,400 ராண்ட். இதில் நீங்கள் ரத்துக் கட்டணம் பிடிப்பதானால் எவ்வளவு, எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று எழுத்தில் தரவும்.*

*மீதியை ஜூலை 18க்குள் கீழுள்ள வங்கிக் கணக்கில் செலுத்தவும். வராவிட்டால் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போவேன்.*

அவ்வளவுதான். அரைப் பக்கம்கூட இல்லை. மின்னஞ்சலில் அனுப்பியதோடு நிற்காமல் ஒரு பிரதியை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். ரிசப்ஷனில் இருந்த பெண் வாங்க யோசித்தாள். 'வாங்கினேன் என்று மட்டும் போடும்மா' என்றதும் ஊதா மையில் கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுத்தாள்.

லெனேசியாக்காரன்

அப்போ ஐந்து நாள் விஷயத்தில் நான்தான் தப்பு. ரத்துக் கட்டணம் பத்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று சட்டத்தில் இருக்கிறதே, அதை ஏன் கடிதத்தில் போடவில்லை?

மாரிட்ஸ்பர்க் பெரியவர்

பத்து என்று சட்டத்தில் எங்கும் இல்லை தம்பி. ஊரில் எல்லோரும் சொல்கிற எண் அது. ஒழுங்குமுறை கவனிக்கச் சொல்வது வேறு: ஒப்பந்தம் எத்தனை காலத்துக்கு, எவ்வளவு முன்னால் சொன்னார்கள், அந்தத் தொழிலில் வழக்கம் என்ன, சென்டர் கொஞ்சம் முயன்றால் அந்த இடத்துக்கு வேறு பிள்ளை கிடைக்குமா என்று. சதவீதமோ தொகையோ சொல்லாமல் 'கணக்கைக் காட்டு' என்று எழுதியது சரியான வேலை.

டர்பன் அம்மா

வேறு பிள்ளை கிடைக்குமா என்பதில்தான் எங்கள் அதிர்ஷ்டம் இருந்தது. கடிதம் போனதும் மேனேஜர் போன் போட்டார். பணத்துக்குப் பதில் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். பையனுக்கு இங்கிலீஷில் 78 மார்க், எதற்கு? வேண்டாம் என்றோம். அப்புறம், பாதி பிடித்துக்கொண்டு 3,200 தருகிறோம் என்றார். ஆசிரியருக்குச் சம்பளம், அறைக்கு வாடகை என்று கணக்குச் சொன்னார். அது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு பேர் உட்காரும் அறையில் ஒரு நாற்காலி காலியானால் செலவு குறையாதுதான்.

ஆனால் ஜூலை முதல் வாரம் அந்த சென்டரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் வந்தது: கிரேட் 10 மேட்ஸ், சனி காலை 8 மணி, ஒரே ஒரு இடம். இரண்டு நாளில் அதன் மேல் சிவப்பில் 'நிரம்பிவிட்டது' என்று வந்தது. இரண்டையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ஒரு வார்த்தையும் சேர்க்காமல் மேனேஜருக்கு அனுப்பினார் வீட்டுக்காரர்.

ஜூலை 18 அன்று 5,440 ராண்ட் கணக்கில் விழுந்தது. 960 பிடித்திருந்தார்கள், 15 சதவீதம். கணக்கு எழுதித் தரவில்லை. நாங்களும் அதற்கு மேல் கிளறவில்லை.

ஃபீனிக்ஸ் அப்பா

எனக்கு மாதாமாதம் டெபிட் ஆர்டர். மகள் ஜூனிலேயே நின்றுவிட்டாள். வங்கியில் சொல்லி டெபிட் ஆர்டரை நிறுத்தினேன். இப்போது கடன் வசூலிக்கிறவர்களிடமிருந்து கடிதம் வருகிறது. பணமே போகாதபோது ஒப்பந்தம் முடிந்ததாகத்தானே அர்த்தம்?

மாரிட்ஸ்பர்க் பெரியவர்

இல்லை ஐயா. பணத்தை நிறுத்துவது வேறு, ஒப்பந்தத்தை ரத்து செய்வது வேறு. சென்டர் பார்வையில் நீங்கள் இன்னும் சேர்ந்திருக்கிறீர்கள், பாக்கி வைத்திருக்கிறீர்கள். ஜூனில் 'மகள் வரமாட்டாள்' என்று வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ ஏதாவது அனுப்பினீர்களா? தேடிப் பாருங்கள். இருந்தால் அந்தத் தேதியிலிருந்து எண்ணலாம் என்று வாதாடலாம். இல்லாவிட்டால் இன்றே எழுதுங்கள், ஒவ்வொரு நாளும் பாக்கி ஏறுகிறது.

கோர்ட்டுக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று. ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் 20,000 ராண்ட் வரைக்கும் கேட்கலாம், வக்கீல் வைக்க முடியாது, அதுவே நமக்கு நல்லது. முதலில் கேட்புக் கடிதத்தை நேரிலோ பதிவுத் தபாலிலோ கொடுத்து 14 நாள் விட வேண்டும். பலகையில் இருக்கிற பெயர் சென்டரின் சட்டப் பெயராக இருக்காது. ரசீதையும் படிவத்தின் அடியையும் பார்த்து உரிமையாளர் பெயரையோ கம்பெனிப் பெயரையோ எடுங்கள். தப்பான பெயரில் போட்டால் தீர்ப்பு வாங்கியும் வசூலிக்க முடியாது.

ஃபீனிக்ஸ் அப்பா

தேடினேன், எதுவும் இல்லை. மகள்தான் தோழியிடம் வாயால் சொல்லியிருக்கிறாள். இன்று ஜூலை 28, திங்கள், இப்போதே மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். ஆகஸ்ட் 9 மகளிர் தினத்தையும் கழிக்க வேண்டுமா?

டர்பன் அம்மா

அண்ணா, ஆகஸ்ட் 9 இந்த வருடம் சனிக்கிழமை. எப்படியும் எண்ணிக்கையில் வராது. ஞாயிறில் விழுந்திருந்தால்தான் திங்கள் விடுமுறை. நான் எண்ணிப் பார்த்தேன், உங்களுக்கு ஆகஸ்ட் 25 வருகிறது.