Cu⁺ தானே சிதையும் என்றால் வெள்ளை CuCl எப்படி நிற்கிறது? லாட்டிமர் வரைபடத்தில் குழப்பம்

தேன்மொழி:
பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. நேற்று லேபில் சிவப்பு Cu2O தூளை இரண்டு சோதனைக் குழாய்களில் எடுத்தேன். ஒன்றில் நீர்த்த கந்தக அமிலம் விட்டதும் கரைசல் நீலமாகி, அடியில் செம்பழுப்பாக ஒரு பொடி தங்கியது. மற்றதில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டேன், வெள்ளையாக வீழ்படிவு வந்தது, நீலம் இல்லை.

நோட்டில் உள்ள வரைபடம் இது:

```
Cu2+ --(+0.15)--> Cu+ --(+0.52)--> Cu
```

இரண்டையும் கூட்டினால் 0.67 வருகிறது, நேர்குறி, அதனால் Cu⁺ விகிதச்சிதைவு அடையும் என்று எழுதினேன். சார் அந்த விடையை அடித்துவிட்டார். அடையும் என்பது சரிதானே? அப்படியென்றால் இரண்டாவது குழாயில் ஏன் நடக்கவில்லை?

அகிலன்:
கூட்டக்கூடாது. இடம் வலம் இரண்டும் நேர்குறியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இருந்தால் சிதையும். இரும்பில் +0.77, −0.44, அதனால் Fe²⁺ சிதையாது. எனக்கு இது எப்போதும் வேலை செய்திருக்கிறது.

குடுவை:
தேன்மொழி, உங்கள் முடிவு சரி, கணக்குதான் தவறு. ஒரு Cu⁺ எலக்ட்ரானை வாங்கி செம்பாகிறது, அது வலப்பக்கப் படி, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு Cu⁺ அந்த எலக்ட்ரானைக் கொடுத்து Cu²⁺ ஆகிறது, அது இடப்பக்கப் படியை எதிர்த்திசையில் நடத்துவது. அதனால் 0.52-இலிருந்து 0.15-ஐக் கழிக்க வேண்டும், 0.37 வோல்ட். வலது பெரிதாக இருந்தால் நடுவில் உள்ளது சிதையும், அவ்வளவுதான். இந்த 0.37-க்குச் சமநிலை மாறிலி ஏறத்தாழ 10⁶ வருகிறது. கரைசலில் Cu²⁺ 0.1 மோலார் இருந்தாலும் Cu⁺ 0.0002 மோலார் அளவுக்குத்தான் மிஞ்சும். உங்கள் முதல் குழாயில் நின்ற செம்பழுப்புப் பொடி அந்தச் செம்புதான்.

அகிலன், இரும்புக்கு உங்கள் விதி சரியாக வருவது தற்செயல். இரண்டாவது குழாய்க்கான வரைபடத்தைப் பாருங்கள்:

```
Cu2+ --(+0.54)--> CuCl --(+0.14)--> Cu
```

இரண்டும் நேர்குறி, ஆனால் சிதைவு இல்லை, 0.14 − 0.54 = −0.40. குளோரைடு Cu⁺-ஐக் கரையாத திண்மமாக இழுத்துக்கொள்வதால் கரைசலில் Cu⁺ மிகமிகக் குறைந்து, இடது மதிப்பு ஏறி, வலது இறங்கிவிடுகிறது. சரியா என்று பார்க்க இரண்டின் சராசரியை எடுங்கள்: பழைய வரைபடத்திலும் புதியதிலும் 0.34-ஐ ஒட்டியே வரும், Cu²⁺ நேராகச் செம்பாவதற்கான மதிப்பு அது, குளோரைடு அதைத் தொடாது.

அகிலன்:
சரி, குறியைப் பார்ப்பதை விட்டுவிடுகிறேன். இடது வலதை ஒப்பிட்டால் இரும்புக்கும் வருகிறது, −1.21.

முத்து:
எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் மாங்கனீசில். பச்சை மாங்கனேட்டை காரத்தில் செய்து வைத்தேன், இரண்டு நாள் பச்சையாகவே இருந்தது. வரைபடத்தில் 0.56, 2.26 என்று இருந்ததால் உடனே ஊதாவாகும் என்று நினைத்தேன். தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்தபோதுதான் ஊதா வந்தது, கூடவே பழுப்புச் சேறு. அதுவும் குளோரைடு விஷயமா?

குடுவை:
இல்லை முத்து, நீங்கள் அமில வரைபடத்தைக் காரத்தில் பயன்படுத்திவிட்டீர்கள். காரத்தில் இடது 0.56, வலது 0.60, வித்தியாசம் வெறும் 0.04 வோல்ட். அந்தச் சிதைவில் ஹைட்ராக்சைடும் வெளிவருவதால் அடர்ந்த காரம் அதைத் திருப்பித் தள்ளிவிடுகிறது. தண்ணீர் ஊற்றினால் அந்தத் தள்ளல் போய்விடும். வரைபடத்தின் தலையில் அமிலமா காரமா என்று எழுதியிருப்பதை முதலில் பாருங்கள்.

தேன்மொழி:
புரிந்தது, நன்றி. இன்னொன்று: அந்த வெள்ளை CuCl-ஐ வடிதாளில் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன், கொஞ்ச நேரத்தில் விளிம்பு பச்சையானது. இது சிதைவா, காற்றா?

குடுவை:
பச்சை என்றால் காற்றின் ஆக்சிஜன் மேல்தான் என் சந்தேகம், ஈரமான CuCl காற்றில் பச்சையாகும். ஆனால் −0.40 என்பது குளோரைடு 1 மோலார் இருக்கும்போது உள்ள கணக்கு. வெறும் தண்ணீரில் குளோரைடு குறைவதால் சிறிதளவு சிதைவும் சாத்தியம். வரைபடத்தை வைத்து இதைப் பிரிக்க முடியாது. கொதிக்க வைத்து மூடி ஆற்றிய தண்ணீரை மூடிய குழாயில் எடுத்துக் கழுவிப் பாருங்கள், செம்பின் சிவப்பு தென்படுகிறதா என்று.

தேன்மொழி:
வியாழக்கிழமை லேப் இருக்கிறது. செய்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.