ஆறு வயதுப் பெண்ணும் நானும் ஒரே படத்தில்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

லால்குடிப் பெண்:

என்னிடம் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. பின்பக்கம் பென்சிலில் "பொங்கல் 84" என்று அப்பாவின் கையெழுத்து. பாட்டி வீட்டுத் திண்ணைக்கு முன்னால், பாவாடை சட்டையோடு நான் நிற்கிறேன். அப்போது எனக்கு ஆறு வயது. அப்பாவிடம் அக்ஃபா க்ளிக் கேமரா இருந்தது. 120 ஃபிலிம் போட்டால் சதுரமாகப் பன்னிரண்டு படம் வரும்.

சினோ ஓட்சுகா என்ற ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தன் சிறுவயதுப் படங்களுக்குள் பெரியவளான தன்னைச் சேர்த்து ஒரு வரிசையே செய்திருக்கிறார். ஒவ்வொரு படத்தின் தலைப்பிலும் இரண்டு ஆண்டுகள் இருக்கும்: "1976, 2005, காமகுரா, ஜப்பான்" என்பது போல. அவர் பத்து வயதில் ஜப்பானை விட்டு இங்கிலாந்துக்குப் படிக்கப் போனவர். அந்தப் படங்களைப் பார்த்த நாளிலிருந்து, நானும் அந்தத் திண்ணைக்குப் போய் அந்த ஆறு வயதுப் பெண்ணின் பக்கத்தில் நிற்க வேண்டும் என்ற ஆசை.

முதல் முயற்சி வீட்டு மாடியில். மகன் எழுந்து நின்று போனில் எடுத்தான். போட்டோஷாப்பில் என்னை வெட்டி எடுத்து அவள் பக்கத்தில் வைத்தேன். அளவைக் கூட்டினேன், குறைத்தேன், நிறத்தை எடுத்தேன். எதுவும் ஒட்டவில்லை. அவள் தரையில் நின்றாள், நான் மிதந்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் என் பாதங்களைக் கவனித்தேன். என் படத்தில் பாதத்தின் மேற்புறம் முழுவதும் தெரிகிறது, மேலிருந்து பார்ப்பது போல. அவளுடைய பாதங்களோ பக்கவாட்டில் பார்ப்பது போலத் தட்டையாக இருக்கின்றன. அப்படியென்றால் இரண்டு கேமராவும் ஒரே உயரத்தில் இல்லை.

பாட்டி வீடு இன்னும் அப்படியேதான் இருக்கிறது, சித்தப்பா பார்த்துக்கொள்கிறார். இந்தப் பொங்கலுக்குப் போனேன். நிலைக்கதவில் வருடா வருடம் அம்மா கீறிய கோடுகளும் இருந்தன. 84 கோடு தரையிலிருந்து மூன்றரை அடி. ஒரு மூங்கில் கழியை மூன்றரை அடிக்கு வெட்டி, படத்தில் அவள் நின்ற இடத்தில் நட்டேன். படத்தில் அவள் உச்சந்தலை, பின்சுவரிலுள்ள விளக்கு மாடத்தின் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொடும். கழியின் நுனியும் அதே இடத்தைத் தொடும் வரை போனை மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்த வேண்டும். அது பொருந்திய பிறகு, திண்ணைத் தூணின் உயரமும் அதன் பின்னால் இருக்கும் கதவின் உயரமும் படத்தில் உள்ள அதே கணக்கில் வரும் வரை முன்னும் பின்னும் போக வேண்டும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கொஞ்சம் கலையும். சித்தப்பாவும் நானும் ஒரு காலைப்பொழுது முழுவதும் இதைத்தான் செய்தோம்.

கடைசியில் எல்லாம் பொருந்தியபோது போன் அவளிடமிருந்து பன்னிரண்டு அடி தூரத்தில், தரையிலிருந்து சுமார் மூன்றேகால் அடி உயரத்தில் இருந்தது. நின்றுகொண்டு எடுத்தால் அந்த உயரம் வராது. அப்பா குந்தி உட்கார்ந்து எடுத்திருக்கிறார்.

படத்தின் கீழ் இடது மூலையில் உருண்டையாக ஒரு கறை உண்டு. கழுவும்போது விழுந்த கறை என்றுதான் நாற்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் அதே இடத்தில் மகன் குந்தி உட்கார்ந்தபோது, போன் திரையில் அதே மூலையில் அதே உருண்டை விழுந்தது. அது அப்பாவின் தலை நிழல்.

அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. என்னைத் தேடிக்கொண்டுதான் அங்கே போனேன். நீங்கள் யாராவது இப்படிச் செய்து பார்த்தீர்களா? என்ன நடந்தது?

குவியம்:

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஒன்று மட்டும் சொல்கிறேன்: பழைய கேமராவின் அதே லென்ஸ் இல்லாமல் இது சரியாக வராது. போனின் லென்ஸ் அகலமானது, முகத்தை வேறு மாதிரிக் காட்டும். நானும் என் தம்பியும் இதே போல முயன்றோம், என் மூக்கு பெரிதாக வந்தது. பழைய கேமரா ஒன்றைத் தேடி வாங்குங்கள்.

ஓய்வுபெற்ற ஸ்டூடியோக்காரர்:

தம்பி, மூக்கு பெரிதானது நீங்கள் கிட்டப்போய் எடுத்ததால். அகல லென்ஸ் என்பதால் ஃப்ரேமை நிரப்ப மூன்று நான்கு அடிக்கு வந்திருப்பீர்கள். முகத்தின் அமைப்பு எப்படித் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது தூரம்தான். அம்மா செய்தது போலப் பன்னிரண்டு அடியிலேயே நின்று எடுத்து, வேண்டாத ஓரத்தை வெட்டினால் போதும். லென்ஸைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு பாதி சரி. அந்த மாதிரிக் கேமராவில் ஓரங்கள் மங்கும், மூலைகள் இருளும். அதனால் சேர்க்கிற ஆளை ஓரத்தில் நிறுத்தினால் அதே அளவு மங்கலாக்க வேண்டும்.

அம்மா, நேரத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

லால்குடிப் பெண்:

ஐயா, வீடு மேற்குப் பார்த்தது. படத்தில் வெயில் வீட்டின் முகத்தில் விழுவதால் சாயங்காலம் என்பது உறுதி. அவள் நிழல் பின்னால் போய்த் திண்ணைச் சுவரில் ஏறுகிறது. சுவரில் நிழல் ஏறிய உயரம் ஏறக்குறைய ஒன்றரை அடி. கழியின் நிழல் அந்த உயரத்தைத் தொடும்வரை காத்திருந்தோம். நாலே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் தொட்டது.

அப்புறம்தான் ஒன்று புரிந்தது. நான் அதே இடத்தில் நின்றால் என் நிழல் சுவரோடு நிற்கவில்லை. திண்ணை இரண்டரை அடிதான், நான் ஐந்தேகால் அடி. தலை நிழல் மடிந்து திண்ணையின் மேல் படுத்துக்கொண்டது. மாடியில் எடுத்த படத்தில் நிழலை நானே வரைந்திருந்தேன், அதில் இந்த மடிப்பு இல்லை. இந்த முறை நிழலையும் சேர்த்தே வெட்டி எடுத்தேன்.

ஓய்வுபெற்ற ஸ்டூடியோக்காரர்:

அருமை. அதே தேதிக்குப் போனது நல்லது. சூரியன் அதே பாதையில் வருவது வருடத்தில் இன்னொரு முறையும் உண்டு, நவம்பர் கடைசி வாரம். ஆனால் கடிகாரத்தில் இருபது நிமிடம் போல முன்னதாக அந்த உயரத்துக்கு வந்துவிடும். நம் பக்கம் அப்போது மழை மேகம் வேறு, நம்ப முடியாது.

இன்னொன்று. பழைய பிரிண்ட்டில் கறுப்பு கறுப்பாக இருக்காது. குழந்தையின் தலைமுடியில் மிக இருண்ட இடத்தைக் கணினியில் தொட்டுப் பாருங்கள். சுத்தக் கறுப்பு 0 என்றால் அது 40, 50 என்று காட்டும். உங்கள் தலைமுடி அதைவிடக் கறுப்பாக இருக்கக் கூடாது. வெள்ளைக்கும் அப்படியே, காகிதத்தின் வெள்ளையைத் தாண்டக் கூடாது. இதைச் செய்த பிறகு லேசாக மங்கலாக்கி, கடைசியில் பழைய ஃபிலிமில் தெரிகிற பொடிப் புள்ளிகளை, அதாவது மணலை, போட வேண்டும். மணலை முதலில் போட்டுப் பிறகு மங்கலாக்கினால் மணலும் கரைந்துவிடும். பலர் செய்கிற தவறு இது.

மீனாட்சி பாட்டி:

கண்ணு, என் கல்யாணப் படத்தில் தண்ணீர் பட்டு எங்கள் மாமியார் முகம் உரிந்துவிட்டது. இதே மாதிரி ஒட்டித் தர முடியுமா? எங்கள் காலத்தில் ஸ்டூடியோவில் ஒரே ஆள் இரண்டு இடத்தில் நிற்கிற மாதிரி எடுப்பார்கள். என் அண்ணன் தன்னோடு தானே கைகுலுக்குகிற படம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தது. இதுவும் அதுதானே?

ஓய்வுபெற்ற ஸ்டூடியோக்காரர்:

வணக்கம் அம்மா. அந்தப் படம் ஒரே ஃபிலிமில் இரண்டு தடவை எடுத்தது. லென்ஸில் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து ஒரு பக்கம் எடுப்போம். கேமராவை அசைக்காமல் அட்டையை மாற்றி மறுபக்கம். நானே நிறைய எடுத்திருக்கிறேன். அங்கே வெளிச்சமும் உயரமும் தூரமும் தானாகவே ஒன்றாகிவிடும். இங்கே இரண்டு எடுப்புக்கும் நடுவில் நாற்பது வருடம், அதனால்தான் இந்த அம்மா கழியை நட வேண்டியிருந்தது. உங்கள் மாமியாரின் வேறு படம் இருந்தால் பார்க்கலாம். இல்லையென்றால் யாரோ ஒருத்தியின் முகத்தைத்தான் ஒட்டித் தருவார்கள், அது வேண்டாம்.

வடமராட்சியான்:

எனக்கு ஆல்பமே இல்லை. 95 யாழ்ப்பாண இடப்பெயர்வோட எங்கட வீட்டுப் படங்கள் எல்லாம் போயிற்று. போன வருடம் கனடாவிலிருக்கும் ஒரு வகுப்புத் தோழன் 88ஆம் ஆண்டு வகுப்புப் படத்தை அனுப்பினான். நாற்பது பிள்ளைகள், மூன்றாவது வரிசையில் நான். என் முகம் ஒரு உளுந்தளவு. வரிசையின் ஓரத்தில் ஆசிரியர் நிற்கிற மாதிரி என்னையும் நிறுத்தலாமா என்று யோசிக்கிறேன். கூடுதல் அளவில் ஸ்கேன் செய்தால் முகம் தெளியுமா?

ஓய்வுபெற்ற ஸ்டூடியோக்காரர்:

தெளியாது. ஒரு அளவுக்கு மேல் காகிதத்தின் நார்தான் பெரிதாகும். தோழரிடம் காகிதம் வழவழப்பா, தேன்கூடு மாதிரிப் புள்ளி போட்ட சில்க் பேப்பரா என்று கேளுங்கள். சில்க் பேப்பர் என்றால் ஒரு முறை நேராகவும், ஒரு முறை தலைகீழாகத் திருப்பியும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுத்தால் புள்ளிகளின் நிழல் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துவிடும்.

குழுப்படம் உங்களுக்கு ஒரு விதத்தில் வசதி. ஓரத்தில் நிற்கும் ஆசிரியரே உங்களுக்கு அளவுகோல். முன்வரிசைப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் கேமராவின் உயரத்தையும் அவர்களை வைத்தே கணிக்கலாம். தரை சமமாக இருந்து, கேமராவைச் சாய்க்காமல் எடுத்திருந்தால், கேமரா இருந்த உயரம் எல்லார் உடம்பிலும் படத்தின் ஒரே கோட்டில் வரும்.

லால்குடிப் பெண்:

அந்தக் கோடு என் படத்திலும் வந்தது ஐயா. அவளுக்குக் கண்ணில், எனக்கு இடுப்பில்.

எனக்கு இன்னும் தீராதது ஒன்று உண்டு. மூன்று விதமாக எடுத்து வைத்திருக்கிறேன். முதலாவதில் அவளைக் குனிந்து பார்க்கிறேன். இரண்டாவதில் பக்கத்தில் மண்டியிட்டிருக்கிறேன். மூன்றாவதில் நேராகக் கேமராவைப் பார்க்கிறேன். முதலாவதில் அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை, அது எனக்கு வலிக்கிறது. மூன்றாவதில் இரண்டு பேரும் அப்பாவைப் பார்க்கிறோம். அதைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறேன் என்று நினைக்கிறேன்.

குவியம்:

நான் என்றால் முதல் படம்தான், அக்கா. அவள் திரும்பாவிட்டாலும் பரவாயில்லை. அவளை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரியும். தூரத்தைப் பற்றி ஐயா சொன்னதை இன்று எடுத்துப் பார்த்தேன், மூக்கு சரியாக வந்தது.

வடமராட்சியான்:

காகிதம் வழவழப்பானதுதானாம், கேட்டுவிட்டேன். படத்தில் ஆசிரியருக்கு இடப்பக்கம் ஒரு ஆள் நிற்குமளவு இடம் இருக்கிறது. அவரது உயரம் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று தோழர்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.