கூம்புக் கோணம் 26.6 டிகிரி வருகிறது; புத்தகம் 30 என்கிறது

தேர்வுக்காரன்: நாளை தேர்வு. ஒலியை மிஞ்சிப் பறக்கும் விமானம் பின்னால் இழுத்துவரும் ஒலிக் கூம்பைப் பற்றிய கணக்கில், கோணம் எனக்கு 26.6 டிகிரி, ஓசை கேட்கும் நேரம் 20 வினாடி வருகின்றன. புத்தகத்தில் 30 டிகிரி, 17.3 வினாடி. வேறு வழியில் செய்தாலும் 20தான். புத்தகம் தவறா?

மணி: கால்குலேட்டர் ரேடியனில் இருக்கும். எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது.

பழைய வாத்தியார்: ரேடியனில் இருந்தால் 0.46 என்றல்லவா வந்திருக்கும்? தம்பி, வேகம், உயரம் எதையும் சொல்லாமல் கேட்டால் நாங்கள் சோழி உருட்டியா பார்ப்பது?

தேர்வுக்காரன்: மன்னிக்கவும் ஐயா. வேகம் 600 மீ/வி, ஒலி 300 மீ/வி, உயரம் 6000 மீ. தலைக்கு மேலே கடந்து எத்தனை வினாடியில் வெடியோசை கேட்கும் என்பது கேள்வி. tan θ = 300/600 என்று போட்டேன். 6000/300 என்றாலும் 20தானே?

கயல்: இரண்டு தவறுகள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன. ஒரு படம் வரையுங்கள். t வினாடிக்கு முன் விமானம் இருந்த இடத்திலிருந்து ஒலி 300t ஆரமுள்ள கோளமாக விரிந்திருக்கும். விமானமோ 600t தள்ளிப் போயிருக்கும். கூம்பின் பக்கம் அந்தக் கோளத்துக்குத் தொடுகோடு. ஆகவே செங்கோணம் தொடும் புள்ளியில் இருக்கிறது. நீங்கள் அதைக் கோளத்தின் மையத்தில் வைத்துவிட்டீர்கள். 600t கர்ணம் என்பதால் sin θ = 300/600, 30 டிகிரி.

tan என்று போட்டால் நேரம் தானாகவே உயரம்/ஒலிவேகம் ஆகிவிடும். அதனால்தான் 20 மறுபடியும் வந்தது. உங்களை முதலில் எட்டுவது தலைக்கு நேர் மேலே கிளம்பிய ஒலி அல்ல. 3464 மீ முன்பே கிளம்பியது, 6928 மீ கடந்து 23.1 வினாடியில் வந்து சேர்கிறது. அந்தத் தொலைவைக் கடந்து தலைக்கு மேல் வர விமானத்துக்கு 5.8 வினாடி. மீதி 17.3.

ரவி, பெங்களூரு: 2020 மே மாதம் எங்கள் வீட்டு ஜன்னல்கள் அதிர்ந்தன. விமானப்படையின் சோதனைப் பறப்பு என்றார்கள். ஒலித்தடையை உடைக்கும் அந்த ஒரு கணத்தில்தானே ஓசை வரும்?

பழைய வாத்தியார்: எல்லாரும் சொல்லும் அதே தவறு. ஒலியை மிஞ்சிப் பறக்கும் வரை கூம்பு கூடவே வரும். அது கடந்து போகும் ஊருக்கெல்லாம் ஒரு வெடி.

ரவி, பெங்களூரு: வேகத்தைக் குறைத்தபோது கேட்டிருக்கலாம் என்றல்லவா அறிவிப்பு வந்தது?

பழைய வாத்தியார்: குறைத்து முடிக்கும் வரை ஒலியை மிஞ்சித்தானே பறந்தது?

கயல்: மேலே போட்ட கணக்கை பெங்களூரு ஓசைக்கு அப்படியே போட முடியாது. கீழே காற்று வெப்பமாக இருப்பதால் ஒலிவேகம் கூடும், அலை மேல்நோக்கி வளையும். சில சமயம் தரைக்கே வராது. இந்த 17.3, காற்று முழுவதும் ஒரே வெப்பநிலை என்று கொண்டால்தான்.

மணி: அப்படியானால் புத்தகமும் தவறுதான்!

தேர்வுக்காரன்: sin போட்டதும் வந்துவிட்டது. நன்றி அக்கா. "கூம்பின் முழுக்கோணம்" என்று கேட்டால் 60 எழுத வேண்டுமா?