வாடகை விளம்பரப் படத்தில் எதை அழிக்கலாம்?

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் உள்ள எங்கள் மாடி வீட்டை வாடகைக்கு விட விளம்பரம் கொடுக்கவிருக்கிறேன். இப்போது குடியிருப்பவர்கள் மாத இறுதியில்தான் காலி செய்கிறார்கள் என்பதால், அவர்களுடைய அனுமதியுடன், பொருட்கள் இருக்கும்போதே அறைகளைப் படம் எடுத்தேன். சுவரிலிருந்த குடும்பப் படம், பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ், மேசைமேல் கிடந்த மருந்துச் சீட்டு, கொடியில் காய்ந்த துணிகள் ஆகியவற்றைக் கைபேசியில் உள்ள அழிக்கும் வசதியால் நீக்கிவிட்டேன். அவை அவர்களோடு போய்விடுபவை, ஊரார் கண்ணில் படவும் கூடாதவை என்பதால் இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

படுக்கையறைப் படத்தில்தான் சிக்கல். பீரோவை அழித்தவுடன், அது நின்ற இடத்தில் பளிச்சென்ற வெள்ளைச் சுவர் ஒன்றைக் கைபேசியே வரைந்து நிரப்பிவிட்டது. உண்மையில் பீரோவுக்குப் பின்னால் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயிண்ட் பொரிந்து உதிர்ந்திருக்கிறது. பீரோவின் ஓரத்தில் தெரிந்த பிளக் பாயிண்டும் காணாமல் போயிருந்தது. அந்தப் படத்தை நான் பயன்படுத்தப் போவதில்லை.

பீரோவோடு கூடிய பழைய படத்தையே போட்டு, பின்சுவரில் ஓதம் இருப்பதை விளம்பரத்தில் எழுதினால் போதுமா, அல்லது பீரோவை நகர்த்தி அந்தச் சுவரைத் தனியாகப் படம் எடுத்துச் சேர்க்க வேண்டுமா? புதியவர்கள் வருமுன் அடைத்துப் பெயிண்ட் அடிக்கப்போகும் ஆணித் துளைகளைப் படத்தில் இப்போதே மறைப்பது சரியா? வீடு வாடகைக்கு விட்ட அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.